நேராக ஓட மறுக்கும் ரோபோ

இரண்டு சக்கர ரோபோ ஒன்றைச் செய்து, இரு மோட்டார்களுக்கும் ஒரே வேக எண்ணைக் கொடுத்துத் தரையில் விட்டுப் பாருங்கள். நேராகப் போகாது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மோட்டார்கள் என்றாலும் ஒன்று கொஞ்சம் சோம்பேறியாக இருக்கும். வலது மோட்டார் மந்தமானால் வண்டி வலப்பக்கம் இழுக்கும்.

இதைச் சரிசெய்ய, வண்டி எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று சொல்லும் கைரோ சென்சார் வேண்டும். வலப்பக்கம் திரும்பிய அளவுதான் பிழை. அதை வைத்து, நொடிக்குப் பல முறை இந்தக் கணக்கு நடக்கிறது:

```
c = Kp*e + Ki*sum + Kd*rate
left  = 150 - c
right = 150 + c
```

e இப்போதைய பிழை. sum இதுவரை சேர்ந்த பிழை. rate பிழை மாறும் வேகம். மூன்றுக்கும் எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்பதை நாம்தான் ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

முதலில் Ki, Kd இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். Kp-ஐ 1, 2, 4 என்று கூட்டுங்கள். 8-ல் வண்டி பாம்புபோல நெளிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 4-க்கு இறக்குங்கள். (Kp 1-லேயே வண்டி தட்டாமாலை சுற்றினால், கூட்டல் கழித்தல் குறி மாறியிருக்கிறது என்று அர்த்தம்.)

இப்போது நெளியாது, ஆனாலும் கோணலாகவே போகும். ஏன்? நம் மந்த மோட்டாரை ஈடுகட்ட c எப்போதும் 12 இருக்க வேண்டும் என்று வையுங்கள். Kp 4 என்றால், 3 டிகிரி பிழை இருந்தால்தான் 12 கிடைக்கும். பிழை தீர்ந்தால் திருத்தமும் தீர்ந்துவிடும்! அதனால் வண்டி 3 டிகிரி சாய்ந்தே ஓடும். 3 மீட்டர் போவதற்குள் சுமார் 16 சென்டிமீட்டர் விலகிவிடும்.

அடுத்து Kd. பிழை வேகமாகக் குறையும்போது இது திருத்தத்தைத் தளர்த்தும்; மிச்சமிருக்கும் ஆட்டம் அடங்கும். சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மோட்டார்கள் வெடவெடவென்று நடுங்கினால் அளவு மிஞ்சிவிட்டது. சென்சாரின் சிறு சலசலப்பைக்கூட அது பெரிதாக்குகிறது.

கடைசியில் Ki. இதை 2 என்று வைத்தால், sum மெதுவாக 6 வரை சேர்ந்து, தேவையான 12-ஐத் தானே கொடுத்துவிடும். பிழை பூஜ்யமானாலும் அந்த 12 நிலைத்திருக்கும். Ki அதிகமானால் மெதுவான, அகலமான நெளிவு வரும். வண்டியைக் கையால் பிடித்து நிறுத்தினால் sum ஏறிக்கொண்டே போய், விட்டதும் மறுபக்கம் பாயும். எனவே sum-க்கு ஓர் உச்சவரம்பு போடுவது அவசியம்.

ஒன்று நினைவிருக்கட்டும். இந்த முறை திசையைத்தான் காக்கும்; தொடக்கத்தில் விலகிய சில சென்டிமீட்டர் அப்படியே நிற்கும். வண்டி பழைய கோட்டுக்குத் திரும்பாது, அதற்கு இணையாக ஓடும்.

1922-ல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி இந்த மூன்று பகுதிக் கணக்கை எழுதியதும் திசை காக்கத்தான். அவருடைய வண்டி மட்டும் கொஞ்சம் பெரிது: கப்பல்!