வராத வேலைக்கு ஒரு கடிதம்

விசைத்தறி ஊரான சங்கரன்கோவிலில் படித்து முடிக்கும் பிள்ளைகளுக்கு இன்று போக்கிடம் பல. பக்கத்தில் ராஜபாளையம் நூற்பாலைகளும் சிவகாசி அலுவலகங்களும் இருக்கின்றன. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ இருக்கிறது. அதற்கு அப்பால் சென்னை, பெங்களூரு. ஒரே மாதத்தில் இரண்டு ஆஃபர் வருவது இப்போது அதிசயமில்லை. ஒன்றை ஏற்றுக்கொண்ட பிறகு மற்றதற்கு என்ன பதில் சொல்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் பதிலே சொல்வதில்லை. ஹெச்.ஆர். கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "ஊர்ல கொஞ்சம் வேலையா இருக்கேன் மேடம், சொல்றேன்" என்கிறார்கள். முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதையில்லை என்று பழகிய ஊர்க்காரர்களின் கூச்சம் இது. ஆனால், மறுத்ததற்காக எந்த நிறுவனமும் ஒருவர்மீது நெடுநாள் கோபம் வைப்பதில்லை. தாமதமாக மறுத்ததற்குத்தான் வைக்கிறது. மறுபடியும் அந்த வாசலை மிதிக்க முடியுமா என்பதை முடிவு செய்வது சொல்லும் நாள். சொல்லும் விதம் அதற்கு அடுத்துத்தான்.

காரணத்தை அறிய மேசைக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்க வேண்டும். நீங்கள் சரி என்றதும் அந்த இடம் நிரம்பிவிட்டதாகக் குறிக்கப்படுகிறது. நேர்காணலில் உங்களுக்கு அடுத்து நின்றவருக்குச் சில நாளில் 'வருந்துகிறோம்' மெயில் போகிறது. உங்கள் சான்றிதழ்களைச் சரிபார்க்க வெளி நிறுவனத்துக்குப் பணம் கட்டுகிறார்கள், லேப்டாப் கேட்டு எழுதுகிறார்கள், உங்களை நம்பி மேலாளர் வாடிக்கையாளரிடம் தேதி சொல்லிவிடுகிறார். இரண்டாம் நாளே நீங்கள் 'வரவில்லை' என்றால் அடுத்தவரை அழைத்துக்கொள்வார்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. இருபதாம் நாள் சொன்னால் அவர் வேறெங்கோ சேர்ந்திருப்பார். தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டும். சொல்லாமலே நின்றுவிட்டால் உங்கள் பெயருக்கு எதிரே 'ஆஃபரை மறுத்தவர்' என்பதற்குப் பதில் 'நோ ஷோ' என்று பதிவாகும். முதல் பதிவு உள்ளவரை அடுத்த ஆண்டு மறுபடியும் கூப்பிடுவார்கள். இரண்டாவது பதிவு உள்ளவரின் விண்ணப்பம் பல இடங்களில் மேலாளர் கண்ணுக்கே போகாது.

நீதிமன்றமும் இந்தச் செலவை எடைபோட்டிருக்கிறது. விஜயா வங்கியில் 2007-ல் புதிய பதவி ஒன்றில் சேர்ந்த அதிகாரி ஒருவர் 2009-ல் ஐ.டி.பி.ஐ. வங்கிக்குப் போனார். மூன்றாண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்பது நியமன நிபந்தனை. பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார்; கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வங்கியின் நிபந்தனை செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி ஒருவரை எடுக்க விளம்பரம், போட்டித் தேர்வு என்று நீண்ட, செலவுமிக்க வழியில் போக வேண்டியிருக்கிறது. இடையில் விலகினால் அதையெல்லாம் மறுபடியும் செய்ய வேண்டும் என்பது தீர்ப்புக்கு முக்கியமான காரணம். அந்த அதிகாரி சேர்ந்த பிறகு விலகியவர். சேருமுன் மறுப்பவருக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை செய்யவைக்க நம் சட்டத்தில் இடமும் இல்லை. ஆனாலும் ஆஃபர் கடிதத்தில் பணம் பற்றிய வரி ஏதாவது இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுவது நல்லது.

உடனே மறுத்துவிட வேண்டும் என்பதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. நிறுவனங்கள் மட்டும் சொன்ன சொல்லில் நிற்கின்றனவா? ஆண்டுக்கு ஆறரை லட்சம் என்று சொல்லி வைத்திருந்த புதியவர்களிடம், மூன்றரை லட்சத்துக்குச் சம்மதமா என்று 2023 பிப்ரவரியில் விப்ரோ கேட்டது. வேறு நிறுவனங்களிலும் ஆஃபர் வாங்கிய பட்டதாரிகள் சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்படியிருக்க, முதல் வேலையில் உட்காரும்வரை இரண்டாவதைக் கைவிடாமல் வைத்திருப்பதுதானே புத்திசாலித்தனம்? பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து, ஏற்பதை நிதானமாகச் செய்வது. மறுப்பதைத் தள்ளிப்போடுவது அல்ல. சம்பளமும் சேரும் தேதியும் எழுதிய கடிதம் கைக்கு வரும்வரை இரண்டு இடத்திலும் அவகாசம் கேளுங்கள். 'வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன்' என்று நாள் குறித்துக் கேட்டால் பெரும்பாலோர் தருவார்கள். கடிதம் வந்து ஒன்றை ஏற்ற பிறகு மற்றதைப் பிடித்துவைப்பது, பேருந்தில் இரண்டு இருக்கைக்குத் துண்டு போடுவது மாதிரிதான். முதல் நிறுவனம் பிற்பாடு கைவிரித்தால், முறையாக மறுத்த இடத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்ல வாய் இருக்கும். இழுத்தடித்த இடத்துக்கு அதுவும் இருக்காது.

மறுக்கும் முறைக்கு வருவோம். பி.காம். முடித்த ஒருவருக்கு ஓர் ஆலையின் கணக்குப் பிரிவிலும் சென்னை நிறுவனம் ஒன்றிலும் வேலை கிடைத்து, சென்னையை ஏற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே ஆலையில் தன்னை நேர்காணல் செய்த மேலாளருக்கு அவர் போன் செய்ய வேண்டும். மேலாளரை விட்டுவிட்டு ஹெச்.ஆருக்கு மட்டும் சொல்வது பலர் செய்யும் தவறு. நாளைக்கு உங்களை நினைவில் வைத்திருக்கப்போவது மேலாளர்தான். பேச்சு இரண்டு நிமிடம் போதும். கையோடு இருவருக்கும் ஒரே மெயில்:

"ஐயா, உங்கள் ஆஃபருக்கு நன்றி. வேறொரு நிறுவனத்தில் வேலையை ஏற்று உறுதி சொல்லிவிட்டேன். ஆகவே உங்களிடம் சேர இயலவில்லை. நேர்காணலில் ஜி.எஸ்.டி. கணக்கு முறையை நீங்கள் விளக்கியது எனக்குப் பயன்பட்டது. அடுத்தவரை நீங்கள் அழைக்க வசதியாக இருக்கும் என்று இன்றே தெரிவிக்கிறேன். பின்னாளில் பொருத்தமான இடம் இருந்தால் உங்களுக்கு எழுத அனுமதி வேண்டுகிறேன்."

இதில் சம்பளம் இல்லை, எந்த நிறுவனம் என்பது இல்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்ற பொய்யும் இல்லை. சம்பளத்தைக் காரணமாகச் சொன்னால் 'இன்னும் ஐயாயிரம் தருகிறோம்' என்று பேரம் தொடங்கும். குடும்பக் காரணம் சொன்னால், அடுத்த வாரம் லிங்க்ட்இன்னில் புது வேலையின் படம் வரும்போது குட்டு உடைந்துவிடும். இன்னொருவருக்கு உறுதி சொல்லிவிட்டேன் என்பது மட்டும் பேரத்துக்கு இடம் தராது. மறுக்கப்பட்டவருக்கே அது உங்களைப் பற்றிய நற்சான்று. கன்சல்டன்சி வழியாக வந்த ஆஃபர் என்றால் அவர்களுக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். நீங்கள் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கட்டணம் என்பதால் கொஞ்சம் மல்லுக்கட்டுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரி வளாகத் தேர்வு என்றால் வேலைவாய்ப்பு அலுவலரிடம் முதலில் சொல்ல வேண்டும். அந்த நிறுவனம் அடுத்த ஆண்டு வராமல் போனால் இழப்பு தம்பி தங்கைகளுக்கு.

இவ்வளவு செய்தும் சில இடங்களில் கதவு மூடத்தான் செய்யும். இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றிலிருந்து பின்வாங்குபவருக்கு, எவ்வளவு பணிவாக எழுதினாலும், கொஞ்சம் கெட்ட பெயர் மிஞ்சும்; அதைச் சீக்கிரம் சொல்லிக் குறைக்கலாம், அழிக்க முடியாது. வங்கித் தேர்வு போன்றவற்றில் கதவைத் திறப்பது மேலாளர் அல்ல, மதிப்பெண். அங்கே கடிதத்தால் உங்களுக்கு லாபமில்லை. காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு இருக்கலாம்.

எல்லாவற்றிலும் மோசமானது, மறுக்கக் கூசிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டுப் பத்தே நாளில் நின்றுவிடுவது. அந்தப் பத்து நாளுக்கும் பி.எஃப். பிடித்திருந்தால் உங்கள் யு.ஏ.என். எண்ணில் அந்த நிறுவனத்தின் பெயர் ஏறிவிடும். அடுத்த வேலைக்குச் சரிபார்ப்பவர் முதலில் கேட்பதே அதைப் பற்றித்தான். இரண்டு ஆஃபர் கையில் இருந்து ஒன்றை ஏற்றுவிட்டவர்கள், மற்றதற்கு இன்று அலுவலகம் மூடுவதற்குள் போன் செய்துவிடுங்கள்.