அழகிய மேற்கோளும் பொதுக்குரலும்

நேர்காணல் எழுத்துப்படிகளில் மேற்கோள் தேடும் ஆய்வாளரின் கண்ணில், நன்றாகப் பேசியவரின் வாக்கியமே முதலில் படுகிறது. ஆஷா பணியாளர் 20 பேரிடம் இந்தியில் எடுத்த நேர்காணல்கள் என்று கொள்வோம். ‘எங்கள் சேவைக்கு விலையே இல்லை’ என்று ஒருவர் அழகாகச் சொல்கிறார். 13 பேரோ, ஊக்கத்தொகை வரும் நாள் தெரியாமல் மளிகைக்கடையில் கடன் சொல்ல நேர்வதைத் தட்டுத்தடுமாறிச் சொல்கிறார்கள். ஆய்வேட்டில் முன்னது இடம்பெறுகிறது, ‘ஊதியம்’ கருப்பொருளாகிவிடுகிறது.

ஊதியம் வெறும் தலைப்பு. ‘வரும் நாள் தெரியாத தொகை குடும்பத்தைக் கடனில் தள்ளுகிறது’ என்பதே கருப்பொருள்.

ஒவ்வொரு மேற்கோளுடனும் பங்கேற்பாளர் எண்ணையும் முன் கேட்ட கேள்வியையும் குறித்துவைத்தால் பிழை வெளிப்படும்: ஒரே எண் திரும்பத் திரும்ப வரும், அல்லது விடையின் சொல் கேள்வியிலேயே இருக்கும். அழகிய வாக்கியத்தை நீக்க வேண்டியதில்லை. அது ஒருவரின் குரல் என்று குறிப்பிட்டால் போதும்.