சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் ஹெல்த் இன்ஷூரன்ஸ் என்ன ஆகும்? துவாக்குடி வெல்டரின் கணக்கு!

திருச்சி - தஞ்சாவூர் சாலையில் துவாக்குடி தொழிற்பேட்டையைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். பெல் நிறுவனத்தின் பாய்லர் வேலைகளை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் இங்கே வரிசையாக இருக்கின்றன. அப்படி ஒரு யூனிட்டில் வேலை பார்க்கும் வெல்டர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 38, மாதச் சம்பளம் 20,000. இரண்டு வருஷமாக சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். ஜூன் மாதம் முதலாளி கூப்பிட்டு 1,500 ரூபாய் ஏற்றிக் கொடுக்கிறார். நல்ல செய்திதானே?

சம்பளம் 21,500 ஆகிவிட்டது. இ.எஸ்.ஐ-யின் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. அதைத் தாண்டியதால் இவர் இ.எஸ்.ஐ-யை விட்டு வெளியேற வேண்டும். சரி, தனியார் பாலிசி எடுப்போம் என்று மொபைலில் ஃபார்மைத் திறந்தால், சுகர் உண்டா, பிரஷர் உண்டா, கடைசியாக எப்போது மருத்துவமனையில் படுத்தீர்கள் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. 'ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடம் காத்திருக்க வேண்டும்' என்று ஒரு வரியும் கண்ணில் படுகிறது.

இ.எஸ்.ஐ-யில் சேர்ந்தபோது இவரிடம் யாருமே சுகரைப் பற்றிக் கேட்கவில்லை. குடும்பத்தினர் பெயரையும் ஆதாரையும் வாங்கிப் பதிவு செய்தார்கள், அவ்வளவுதான். ஒரே மனிதர், ஒரே சுகர். ஒரு இடத்தில் கேள்வியே இல்லை, இன்னொரு இடத்தில் மூன்று வருடக் காத்திருப்பு. தனியார் கம்பெனிக்கு ஈவு இரக்கம் இல்லை என்று முடித்துவிடலாம். ஆனால், காரணம் அது இல்லை பாஸ்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரே பட்டறையில் பத்துப் பேர். ஆறு பேர் திடகாத்திரமான இளவட்டங்கள். அவர்களுக்கு வருஷத்துக்கு சராசரியாக 3,000 ரூபாய் மருத்துவச் செலவு வரும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேருக்கு 10,000. ஒருவருக்கு மட்டும் 42,000. மொத்தம் 90,000. பத்துப் பேரும் சேர்ந்தால் தலைக்கு 9,000 ரூபாய் பிரீமியம். கணக்கு சரியாக இருக்கிறது.

ஆனால், சேர்வதும் சேராததும் அவரவர் இஷ்டம் என்றால்? 'எனக்கு ஒண்ணுமே வராது, 9,000 எதுக்கு?' என்று அந்த ஆறு பேரும் நழுவிவிடுவார்கள். மிச்சம் நான்கு பேர், அவர்களுடைய செலவு 72,000. இப்போது பிரீமியம் தலைக்கு 18,000. 10,000 ரூபாய் செலவுக்கு 18,000 கட்ட அந்த மூன்று பேருக்கு என்ன பைத்தியமா? அவர்களும் கிளம்பிவிடுவார்கள். கடைசியில் நிற்பது ஒரே ஒருவர், பிரீமியம் 42,000. தன் செலவைத் தானே கட்டிக்கொள்வதற்கு இன்ஷூரன்ஸ் எதற்கு?

இதைத்தான் பொருளாதாரத்தில் 'அட்வர்ஸ் செலக்‌ஷன்' என்கிறார்கள். தமிழில் பாதகத் தேர்வு. நம் உடம்பைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவு கம்பெனிக்குத் தெரியாது. அதனால் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே அதிகம் தேடி வருகிறார்கள். 1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது என்றுதான் பலருக்குத் தெரியும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஏன் மருத்துவக் காப்பீடு கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது என்ற கேள்விக்கும் அவர் அதே கட்டுரையில் இதே விளக்கத்தைத்தான் கொடுத்தார்.

இப்போது அந்த மூன்று வருடக் காத்திருப்பு ஏன் என்று புரியும். நோய் வந்த பிறகு பாலிசி எடுப்பவரை அடுத்த நாளே கிளெய்ம் செய்ய விட்டால், நோய் வருகிற வரை யாரும் சேர மாட்டார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2024-ல் இந்தக் காத்திருப்பை அதிகபட்சம் 4 வருடத்திலிருந்து 3 வருடமாகக் குறைத்தது. பூட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, கழற்றப்படவில்லை.

இ.எஸ்.ஐ இந்தச் சிக்கலை வேறு மாதிரி தீர்த்துவிட்டது. கேள்வி கேட்பதற்குப் பதிலாக, யாரையும் நழுவ விடாமல் பார்த்துக்கொள்கிறது. தகுதியுள்ள சம்பளத்தில் இருக்கும் எல்லோரும் சேர்ந்தே ஆக வேண்டும். 20,000 சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவிகிதம், அதாவது 150 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவிகிதம், 650 ரூபாய். 'எனக்கு 24 வயசு, இந்த 150-ஐக் கையில கொடுத்துடுங்கண்ணே' என்று ஒரு தம்பி கேட்டால், நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், அந்தத் தம்பியின் 150-தான் சுகர்காரரிடம் கேள்வி கேட்காமல் இருப்பதற்கான விலை. ஐ.டி கம்பெனி குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே எல்லா நோய்க்கும் கவர் கிடைப்பதும் இதனால்தான். அங்கே யாரும் நோய்க்காகச் சேரவில்லை, வேலைக்காகச் சேர்ந்திருக்கிறார்கள்.

சேர்ந்த பிறகு வருவது இரண்டாவது சிக்கல். பெயர் 'மாரல் ஹசார்ட்'. பெயரில் 'மாரல்' இருப்பதால் ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். செலவை இன்னொருவர் ஏற்கிறார் என்று தெரிந்தால் நம் நடத்தை கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். ரிசப்ஷனில் 'இன்ஷூரன்ஸ் இருக்கா?' என்று கேட்டு, இருக்கிறது என்றதும் 'அப்போ தனி ரூம் போட்டுடலாமா?' என்பார்களே, அந்த இடம்தான். நீங்களும் மறுக்க மாட்டீர்கள், மருத்துவமனையும் மறுக்காது.

இ.எஸ்.ஐ இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும். உடம்பு சரியில்லாமல் லீவு போட்டால் சம்பளத்தில் 70 சதவிகிதம்தான் தரும். பொதுவாக முதல் இரண்டு நாளுக்கு எதுவும் கிடையாது. நம் வெல்டரின் நாள் கூலியை 680 ரூபாய் என்று வைத்தால், பத்து நாள் காய்ச்சலுக்குக் கிடைப்பது எட்டு நாளுக்கு 476 வீதம் 3,808 ரூபாய். வேலைக்குப் போயிருந்தால் 6,800. அதே இ.எஸ்.ஐ, பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம் தருகிறது. வேலையில் அடிபட்டால் 90 சதவிகிதம். ஏன் இந்த வித்தியாசம்? என் கணிப்பு இது: இடுப்பு வலி என்று சொல்லி இரண்டு நாள் படுத்துவிடலாம், பிரசவத்தை அப்படிச் சொல்ல முடியாது. எதை நம் இஷ்டத்துக்கு நீட்ட முடியுமோ, அங்கேதான் நம் பாக்கெட்டிலும் கொஞ்சம் கை வைக்கிறார்கள்.

தனியார் பாலிசியில் இதே வேலையைச் செய்வது கோ-பேமென்ட்டும் அறை வாடகை வரம்பும். இரண்டாவதில்தான் பலர் அடி வாங்குகிறார்கள். 3 லட்சம் ரூபாய் பாலிசி, அறை வாடகை வரம்பு 1 சதவிகிதம், அதாவது நாளுக்கு 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறீர்கள். 'மிஞ்சிப்போனா 12,000 கையிலேர்ந்து போகும்' என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. வரம்பைப்போல இரண்டு மடங்கு அறை எடுத்ததால், டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் போன்றவற்றிலும் பாதிதான் தருவார்கள். அவை 1,00,000 ரூபாய் என்றால் 50,000 உங்கள் தலையில். மருந்து, ஸ்கேன் 40,000 மட்டும் முழுசாக வரும். அவற்றில் இப்படி விகிதாசாரமாகக் கழிக்கக் கூடாது என்பது விதி. ஆக, 1,64,000 பில்லில் கம்பெனி தருவது 1,02,000. உங்கள் கையிலிருந்து போவது 62,000. பல மருத்துவமனைகளில் அறையின் தரம் கூடினால் டாக்டர் ஃபீஸும் கூடுகிறது என்பதுதான் இதற்குக் காரணம். அறைக்கு ஏற்ப ஃபீஸ் மாறாத மருத்துவமனையில் இப்படிக் கழிக்க முடியாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக் கையிலிருந்து கட்ட வைப்பது சரியா? 1974 முதல் 1982 வரை அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் இதைச் சோதித்தே பார்த்தது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு மருத்துவம் முழு இலவசம், சிலருக்குப் பெரும்பகுதி சொந்தச் செலவு என்று வைத்தார்கள். இலவசக் குழுவோடு ஒப்பிட்டால், பெரும்பகுதியைத் தாங்களே கட்டிய குழுவின் செலவு சுமார் 30 சதவிகிதம் குறைவு. சராசரி ஆரோக்கியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கேயே நிறுத்தினால் கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால், ஏழைகளில் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு இலவச மருத்துவத்தில் பிரஷர் நன்றாகவே கட்டுக்குள் இருந்தது. காசு கட்டச் சொன்னால் தேவையில்லாத டெஸ்ட்டை மட்டும் மக்கள் தவிர்ப்பதில்லை, தேவையான மாத்திரையையும் சேர்த்தே தள்ளிப்போடுகிறார்கள். மாதச் சம்பளக்காரர்கள் மத்தியில் இதைப் பார்க்க ஆய்வுகூடத் தேவையில்லை.

சரி, நம் வெல்டருக்கு வருவோம். ஜூனில் சம்பளம் ஏறினாலும் அவர் உடனே வெளியே போக மாட்டார். இ.எஸ்.ஐ-யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நடுவில் வரம்பைத் தாண்டினால் அந்தக் காலம் முடியும் வரை சந்தா பிடிப்பார்கள். செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அந்தச் சந்தா காலத்தில் குறைந்தது 78 நாள் கட்டியிருந்தால், அடுத்த ஜூன் 30 வரை அவருக்கு வைத்தியம் உண்டு. இன்னொரு விஷயம்: வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் பணத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதைச் சேர்த்து 'தாண்டிட்டீங்க' என்று யாராவது சொன்னால் பே-ஸ்லிப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஆக, சம்பளம் ஏறிய மாதத்திலேயே தனியார் பாலிசி எடுத்துவிட்டால், காத்திருப்புக் காலத்தில் சுமார் ஒரு வருடம் இ.எஸ்.ஐ நிழலிலேயே ஓடிவிடும். மிச்சம் இரண்டு வருடம் சுகர் சம்பந்தப்பட்ட செலவுக்குத்தான் சிக்கல். விபத்துக்கு முதல் நாளிலிருந்தே கவர், புதிதாக வரும் பெரும்பாலான நோய்களுக்கு 30 நாள் கழித்து.

ஃபார்மில் சுகரை மறைத்துவிடலாமா என்று ஏஜென்ட்டே கேட்பதுண்டு. தொடர்ந்து 5 வருடம் பிரீமியம் கட்டிய பிறகுதான், மோசடி என்று நிரூபிக்காமல் 'நீங்கள் மறைத்தீர்கள்' என்று கம்பெனி கிளெய்மை மறுக்க முடியாது. அதற்கு முன்பு மாட்டினால் கிளெய்மும் போகும், பாலிசியும் போகும். உண்மையைச் சொன்னால் காத்திருக்க வேண்டியது 3 வருடம். பொய் சொன்னால் பயத்தோடு 5 வருடம்.