அக்னிவீர்களின் அடுத்த வேலை: நாலு வருஷ ராணுவ அனுபவத்தை குடோன் மேனேஜருக்குப் புரியவைப்பது எப்படி?

அக்னிபத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது 2022 ஜூன் மாதம். அந்த ஆண்டு மட்டும் சுமார் 46,000 பேரை எடுக்கப்போவதாகச் சொல்லப்பட்டது. முதல் அணிகள் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போயின. பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதாவது 2026 இறுதியில் தொடங்கி, ஒவ்வொரு அணியாக இந்த இளைஞர்கள் வெளியே வருகிறார்கள். நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவது அதிகபட்சம் 25 சதவீதம் என்பது திட்டத்தின் அடிப்படை விதி. மற்றவர்கள் இருபத்தி இரண்டு, இருபத்தி மூன்று வயதில் புதிதாக வேலை தேட வேண்டும்.

இவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதியும் கிடையாது. இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அரசு வேலை விண்ணப்பத்தில் 'எக்ஸ் சர்வீஸ்மேன்' கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம். மத்திய ஆயுதக் காவல் படைகளில் அக்னிவீர்களுக்கு இடஒதுக்கீடு உண்டு, சில மாநிலங்களும் காவல் துறையில் அறிவித்திருக்கின்றன. அது தனிப் பாதை. இங்கே நாம் பார்க்கப்போவது தனியார் துறைக்குப் போகிறவர்களைப் பற்றி.

ஏன் எல்லோரும் செக்யூரிட்டி வேலைக்கே தள்ளப்படுகிறார்கள்?

ராணுவத்திலிருந்து வருகிற ஒருவருக்கு முதலில் திறக்கிற கதவு தனியார் பாதுகாப்பு நிறுவனம்தான். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டமே, காவலர்களை எடுக்கும்போது முப்படைகளில் பணியாற்றியவர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்று சொல்கிறது. அந்த வேலைக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. "ஆர்மில இருந்தேன்" என்ற ஒரு வரி போதும்.

வேறு துறைக்குப் போக நினைத்தால் அந்த ஒரு வரி போதாது. எதிரே உட்கார்ந்திருக்கும் மேனேஜருக்கு ராணுவ வேலை என்றால் எல்லை, துப்பாக்கி, அணிவகுப்பு, அவ்வளவுதான். அந்த இடைவெளியை நிரப்ப, விண்ணப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் நான்கு சொற்களை எழுதுகிறார்கள்: ஒழுக்கம், தலைமைப் பண்பு, கூட்டு முயற்சி, அழுத்தம் தாங்கும் திறன். எழுதினவரைப் பொறுத்தவரை எல்லாமே உண்மைதான். ஆனால் நேற்று கல்லூரி முடித்த பையனும் அதே நான்கு சொற்களைத்தான் எழுதியிருக்கிறான். படிக்கிறவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

'தலைமைப் பண்பு' என்ற சொல்லில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அக்னிவீர் என்பது படையில் கடைசிப் படி. பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனுக்குக்கூட தலைவர் ஹவில்தார்தான். ராணுவத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்த ஒருவர் இன்டர்வியூவில் இருந்தால் "எத்தனை பேருக்குத் தலைமை தாங்கினீங்க?" என்ற அடுத்த கேள்வியிலேயே பேச்சு முடிந்துவிடும்.

ஒரு உதாரணம்: ஆயுத அறையிலிருந்து குடோனுக்கு

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலாட்படையில் பொதுப்பணி அக்னிவீர். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர். கடைசி 14 மாதம், கம்பெனியின் ஆயுத அறையில் உதவியாளராக இருந்திருக்கிறார். படையில் அந்த அறையை 'கோத்' என்பார்கள். இப்போது ஒரு இ-காமர்ஸ் வேர்ஹவுஸில் இருப்புக் கணக்குப் பார்க்கும் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். பயோடேட்டாவில் அவர் முதலில் எழுதியது இது: "கோத் டியூட்டி, கார்டு டியூட்டி, பேட்ரோலிங்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் குடோன் மேனேஜருக்கு இது ஒன்றும் சொல்லவில்லை. கோத்தில் அவர் உண்மையில் என்ன செய்தார் என்று பிரித்துப் பார்க்கலாம். காலையில் ஒவ்வொரு ஆயுதத்தையும் அதன் எண்ணைப் பார்த்து, கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும்போது எண்ணைச் சரிபார்த்து, சேதம் இருக்கிறதா என்று பார்த்து உள்ளே வைத்தார். பழுதானது பணிமனைக்குப் போனால் தனியாகக் குறித்தார். நாள் முடிவில் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் அறையில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று எண்ணினார். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு யாருக்கும் தூக்கம் இல்லை.

குடோனிலும் இதே வேலைதான், பெயர்கள்தான் வேறு. சரக்கு வரவு, வெளியே அனுப்புவது, திரும்பி வந்த பொருளைச் சோதிப்பது, இருப்பு எண்ணுவது. ஆகவே அவருடைய வரி இப்படி மாற வேண்டும்:

"வரிசை எண் கொண்ட பொருட்களைத் தினமும் கையெழுத்துப் பெற்று வழங்கி, திரும்பப் பெற்றுச் சோதிக்கும் பணியில் 14 மாதங்கள். பழுதுக்குச் சென்றவற்றுக்குத் தனிப் பதிவு. நாள் முடிவில் பதிவேட்டையும் கையிருப்பையும் ஒப்பிட்டு எண்ணிச் சரிசெய்தல்."

இதில் 'ஆயுதம்' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். எத்தனை ஆயுதங்கள், எந்த வகை, எந்த இடம், எந்த யூனிட்டுக்கு என்ன பணி என்பதையெல்லாம் எழுதக் கூடாது. அலுவல் ரகசியச் சட்டம் வேலையை விட்டு வந்த பிறகும் பொருந்தும். எண்ணிக்கை கேட்டால், "அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, வேலை நடக்கிற முறையைச் சொல்றேன்" என்று நேராகச் சொல்லிவிடலாம். ரகசியத்தைக் காக்கத் தெரிந்தவர் என்ற எண்ணமும் அதிலேயே வந்துவிடும்.

மேனேஜர் எதை வைத்து நம்புவார்?

மற்ற துறைகளில் பழைய நிறுவனத்துக்கு போன் போட்டு விசாரிக்கலாம். ஒரு படைப்பிரிவு, ஓர் அக்னிவீர் கோத்தில் எப்படி வேலை பார்த்தார் என்று குடோன் மேனேஜருக்கு உட்கார்ந்து விளக்கப் போவதில்லை. "14 மாதத்தில் ஒரு பொருளும் தொலையவில்லை" என்று எழுதினால், அதைச் சரிபார்க்க அவருக்கு வழியே இல்லை. எனவே அந்த வரியின் மதிப்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

அவர் நம்புவது வேறொன்றை: வேலை எங்கே தப்பாகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா? அந்த வேலையைச் செய்யாத ஒருவரால் இதைச் சொல்ல முடியாது. நம் உதாரண அக்னிவீரிடம் "கணக்கு எப்படி தப்பாகும்?" என்று கேட்டால், அவர் இப்படிச் சொல்லக்கூடும்:

"மூணு விதத்துல வரும் சார். 3-ஐ 8-னு படிச்சு எழுதிடுவாங்க. ரிப்பேருக்குப் போனதை வெளிய போனதா எழுத மறந்துடுவாங்க, ராத்திரி எண்ணும்போது ஒண்ணு குறையும். மூணாவதுதான் மோசம். டியூட்டி மாத்தும்போது, வர்ற ஆளு எண்ணிப் பாக்காமலே, முன்னாடி இருந்தவர் எழுதின எண்ணிக்கைக்குக் கையெழுத்துப் போட்டுடுவாரு. தப்பு எப்ப நடந்ததுன்னு அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால நான் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணணும்னு சொல்லுவேன்."

குடோன் நடத்துகிறவருக்கு இந்த மூன்றும் தினசரித் தலைவலி. குறிப்பாக ஷிப்ட் மாறும்போது வரும் குழப்பம். இதைக் கேட்டபிறகு அவர் துப்பாக்கியைப் பற்றி யோசிக்கமாட்டார், தன் குடோனைப் பற்றித்தான் யோசிப்பார்.

எது மாறாது?

எல்லாத் திறனும் அப்படியே கூட வராது. அதைத் தெரிந்து வைத்திருப்பதும் இந்தப் பேச்சில் பாதி.

கோத்தில் ஒவ்வொரு பொருளையும் எண்ணியாக வேண்டும், நேரம் ஆனாலும் பரவாயில்லை. குடோனில் லட்சக்கணக்கான பொருட்கள் இருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று சுற்று முறையில் எண்ணுவார்கள், சிறிய குறைவை நஷ்டமாக ஏற்றுக்கொண்டு மேலே போவார்கள். மாலைக்குள் லாரி கிளம்பியாக வேண்டும். 'நூறு சதவீதம் சரியாக இருக்கும்வரை விடமாட்டேன்' என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், இவர் வேலையை நிறுத்திவிடுவாரோ என்று மேனேஜர் பயப்படக்கூடும்.

கட்டளை விஷயமும் அப்படித்தான். படையில் சொன்னால் நடக்கும். குடோனில் பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். திட்டினால் நாளைக்கு வரமாட்டார்கள், பக்கத்துக் குடோனில் வேலை கிடைக்கும். "உங்க டீம்ல ஒருத்தர் வரலைன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டால், தண்டனை என்ற சொல் வாயில் வரவே கூடாது.

மூன்றாவது, கணினி. பார்கோடு ஸ்கேனர், இருப்பு மென்பொருள், எக்ஸெல். பேப்பர் பதிவேட்டில் பழகியவருக்கு இது உண்மையான குறை. மறைப்பதில் பயனில்லை, முதல் நாளிலேயே தெரிந்துவிடும். எக்ஸெலில் வடிகட்டுவது, இரண்டு பட்டியலை ஒப்பிடுவது ஆகியவற்றைச் சில வாரங்களில் கற்றுக்கொண்டு, அதைச் செய்துகாட்டத் தயாராகப் போவது நல்லது.

என்ன குறை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. தேசியத் தகுதிப் பதிவேட்டில் ஒவ்வொரு வேலைக்குமான திறன் ஆவணம் இலவசமாகக் கிடைக்கிறது. குடோன் வேலைகளுக்கு லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் கவுன்சில் அவற்றைத் தயாரித்திருக்கிறது. இருப்புக் கணக்காளர் என்ன என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் வரி வரியாக இருக்கும். பக்கத்திலேயே 'செய்திருக்கிறேன்', 'வேறு பெயரில் செய்திருக்கிறேன்', 'செய்ததில்லை' என்று குறித்துக்கொண்டே போகலாம். இரண்டாவது வகைதான் பயோடேட்டாவுக்குப் போகும். மூன்றாவது, படிக்க வேண்டியவற்றின் பட்டியல். அக்னிவீர்களுக்குப் பணி முடியும்போது திறன் சான்றிதழும் தரப்படுகிறது. அதில் எழுதியிருக்கும் பணிப்பெயரும் நீங்கள் விண்ணப்பிக்கும் பணியும் ஒத்துப்போகாவிட்டால், சான்றிதழை மட்டும் நீட்டிப் பயனில்லை.

"உங்களை ஏன் வெச்சுக்கல?"

இந்தக் கேள்வி வரும். சிலர் நேராகக் கேட்பார்கள், சிலர் மனசுக்குள் கேட்டுக்கொள்வார்கள். கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிடுவது நல்லது. நான்கு ஆண்டு ஒப்பந்தம், முழுதாக முடித்தேன், நிரந்தர இடம் நால்வரில் ஒருவருக்குத்தான். இவ்வளவு போதும். தேர்வு முறை சரியில்லை என்று ஆரம்பித்தால், அது உண்மையாகவே இருந்தாலும், இன்டர்வியூ அந்தப் புகாரைச் சுற்றியே முடிந்துவிடும்.

கடைசியாகச் சம்பளக் கட்டம். நான்காம் ஆண்டில் அக்னிவீரின் மாதத் தொகை 40,000 ரூபாய். அதில் 12,000 சேவா நிதிக்குப் போக, கைக்கு வந்தது 28,000. சாப்பாடும் தங்குமிடமும் செலவில்லை. குடோனின் ஆரம்பநிலை வேலைகள் பல இதைவிடக் குறைவாகத் தரும், வாடகையும் நம் கையிலிருந்து போகும். 'கடைசிச் சம்பளம்' என்ற இடத்தில் 28,000 என்று மட்டும் எழுதினால் நம்மை நாமே குறைத்துக்கொள்கிறோம். 40,000 என்று எழுதி, பக்கத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுவதே சரியானது. வட்டியோடு சேர்த்து சுமார் 11.71 லட்சம் வரும் என்று அரசு சொன்ன சேவா நிதி கையில் இருப்பதால், முதலில் கிடைத்த வேலையில் உடனே சேர்ந்தாக வேண்டிய நெருக்கடி சில மாதங்களுக்கு இருக்காது. அந்த மாதங்களில்தான் மூன்றாவது வகைப் பட்டியலைப் படித்து முடிக்க வேண்டியிருக்கும்.