காற்றடிக்கும் மூடி வாங்காதீர்கள்

மிச்சமான குளிர்பானத்தில் கேஸ் போகாமல் இருக்க, கையால் அமுக்கிக் காற்றடிக்கும் மூடி ஒன்று விற்கிறார்கள். "வாங்கலாமா சார்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வேண்டாம் என்பதே என் பதில்.

1803-இல் வில்லியம் ஹென்றி சொன்ன விதி இதற்குப் போதும். திரவத்தில் கரையும் வாயுவின் அளவு, அதற்கு மேலே இருக்கும் அதே வாயுவின் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். "அதே வாயு" என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

25 டிகிரியில், கார்பன் டை ஆக்சைடு 1 வளிமண்டல அழுத்தத்தில் இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 1.5 கிராம் கரையும். மூடிய பாட்டிலில் அந்த வாயுவின் அழுத்தம் 3 என்றால் லிட்டருக்கு 4.5 கிராம். 600 மில்லி பாட்டிலில் 2.7 கிராம். சர்க்கரை கலந்திருப்பதால் உண்மையில் கொஞ்சம் குறையும். நம் கணக்குக்கு அது பரவாயில்லை.

இப்போது பாதியைக் குடித்துவிட்டோம். திறந்து ஊற்றியதில் கொஞ்சம் போய், லிட்டருக்கு 3 கிராம் மிச்சம் என்று வையுங்கள். 300 மில்லியில் 0.9 கிராம். மேலே 300 மில்லி காலி இடம். சாதாரண மூடியை இறுக்கி வைத்தால், கரைந்த வாயு மெல்ல மெல்ல வெளியேறி அந்தக் காலி இடத்தில் சேரும். விதிப்படி சமநிலை வரும்போது திரவத்தில் இருப்பது சுமார் 0.41 கிராம், மேலே 0.49 கிராம். பாதிக்கு மேல் போய்விட்டது!

சரி, காற்றடித்தால்? காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான், மற்றதில் பெரும்பகுதி நைட்ரஜனும் ஆக்சிஜனும். மொத்த அழுத்தம் ஏறும், கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் ஏறாது. குமிழி கிளம்புவது சற்று நேரம் அடங்கும், அவ்வளவுதான். திரவத்தின் மேற்பரப்பு வழியாக வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். கடைசியில் நிற்பது அதே 0.41 கிராம்தான்.

பாட்டில் கல் மாதிரி இருக்கிறதே, திறந்தால் 'புஸ்' என்கிறதே என்பீர்கள். அதில் பெரும்பங்கு நீங்கள் அடித்த காற்றின் சத்தம். கிளாஸில் ஊற்றிக் குமிழியைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பணமில்லாத வழி இரண்டு உண்டு. ஒன்று, குளிர். 0 டிகிரிக்குப் பக்கத்தில் அந்த 1.5 கிராம், 3.3 கிராம் ஆகிவிடும். அதே பாதி பாட்டிலை அப்படிக் குளிரவைத்தால் திரவத்தில் சுமார் 0.56 கிராம் நிற்கும். இன்னொன்று, இதைவிட நல்லது: காலி இடமே இல்லாமல் செய்வது. முந்நூறு மில்லி பிடிக்கும் சின்ன பாட்டிலை முதலிலேயே குளிரவைத்து, சாய்த்துப் பிடித்து, நுரைக்காமல் கழுத்துவரை ஊற்றி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊற்றும்போது கொஞ்சம் போகும். அதற்குப் பிறகு வாயு போய்ச் சேர இடமிருக்காது.