நாலு நாள் கேட்டால் வேலை போய்விடுமா?

வெளியூரில் வேலை கிடைத்தவனுக்கு நம்மூரில் சொல்லப்படும் முதல் புத்திமதி, “உடனே சரின்னு சொல்லிடு, யோசிக்கிறேன்னு மட்டும் சொல்லிடாதே” என்பதுதான். வீட்டில் கலந்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் ஆர்வமில்லாதவன் என்று நினைத்துக்கொள்வார்களாம். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம். கேட்பவர் பெண்ணாக இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போய், “சொந்தமாக முடிவெடுக்கத் தெரியாதவர்” என்ற பட்டமும் சேரும். நண்பர்கள் சொல்கிறார்கள், மாமா சொல்கிறார், வேலை வாங்கித் தரும் கன்சல்டன்சிக்காரர் ஒரு நாளைக்கு மூன்று முறை போன் போட்டுச் சொல்கிறார். இத்தனை பேர் சொல்வதாலேயே இது உண்மையாகிவிடாது.

நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். அனுபவமுள்ள ஓர் ஊழியருக்கு இன்று ஆஃபர் கொடுத்தால் அவர் நாளைக்கே வந்து உட்காரப் போவதில்லை. பழைய இடத்தில் நோட்டீஸ் பீரியட் இருக்கிறது. பல தொழிற்சாலைகளில் 60 நாள், பெரிய ஐ.டி. நிறுவனங்களில் 90 நாள். அவ்வளவு நாள் காத்திருக்கச் சம்மதித்துத்தான் அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு மூன்று மாதம் காத்திருக்கும் நிறுவனம் நாலு நாள் காத்திருக்காது என்பது எந்தக் கணக்கு?

எச்.ஆர். துறையினர் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. உடனே சரி என்று சொல்லிவிட்டு, நோட்டீஸ் பீரியட் முழுவதும் “வருகிறேன், வருகிறேன்” என்று போக்குக் காட்டி, சேரவேண்டிய நாளன்று போனை அணைத்துவிடும் ஆளைக் கண்டால்தான் அவர்களுக்கு நடுக்கம். அப்படி ஒருவர் கைவிட்டால் இரண்டு மாத வேலை வீண், அந்த இடமும் காலி, காத்திருப்பில் வைத்திருந்த இரண்டாவது ஆளும் அதற்குள் வேறெங்கோ சேர்ந்திருப்பார். இப்படி வராமல் போகிறவர்கள் சொல்லும் காரணங்களில், “வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை” என்பது எச்.ஆர். துறையினர் காதுக்குப் புளித்துப்போன ஒன்று. முன்னாலேயே நாலு நாள் கேட்டிருந்தால் நாலு நாளில் தெரிந்திருக்கும் விஷயம் அது. நேர்காணலிலேயே “குடும்பத்தோடு இடம் மாறுவதில் சிக்கல் ஏதும் உண்டா?” என்று கேட்பவர்களும் இவர்கள்தான். குடும்பத்தைப் பேச்சுக்குள் கொண்டுவருவது அவர்கள்; அதை நாம் சொன்னால் மட்டும் எப்படிக் குற்றமாகும்?

கன்சல்டன்சிக்காரரின் அவசரத்துக்குக் காரணம் தனி. அவருடைய கட்டணம் பொதுவாக உங்கள் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கு. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது அவர் கைக்கு வரும். அவர் மோசமானவர் என்று சொல்லவில்லை, அவருடைய கடிகாரம் வேறு என்று சொல்கிறேன். “இன்றைக்குள் சொல்லாவிட்டால் போய்விடும்” என்று அவர் சொன்னால், கடைசித் தேதி என்ன என்று நிறுவனத்தின் எச்.ஆரிடமே நேராகக் கேளுங்கள். ஆஃபர் கடிதத்தில் எந்தத் தேதிவரை செல்லும் என்று பெரும்பாலும் எழுதியே இருக்கும். அந்த வரியைப் படிக்காமலேயே பதறுகிறவர்கள் ஏராளம்.

சரி, அந்த நாலு நாளில் வீட்டில் அப்படி என்னதான் பேசுவது? இதற்குப் பதில் தெரியாததால்தான் பலருக்கு இது ஏதோ பெரியவர்களிடம் ஆசி வாங்கும் சடங்காகத் தெரிகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். சி.டி.சி. ஆண்டுக்கு 10.2 லட்சம். பெங்களூரிலிருந்து 15 லட்சத்துக்கு ஆஃபர் வருகிறது. கிட்டத்தட்ட ஐந்து லட்சம் கூடுதல், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். இப்போது கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் சம்பளப் பிரிப்பை விரித்துப் பார்க்க வேண்டும். 15 லட்சத்தில் ஒன்றரை லட்சம், ஆண்டு முடிவில் மதிப்பீட்டைப் பொறுத்துக் கிடைக்கும் தொகை. மாதம் வராது, முழுதாக வரும் என்ற உறுதியும் கிடையாது. நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டியும் அதே 15 லட்சத்துக்குள்தான் அடக்கம். அவற்றைக் கழித்து, அவருடைய சொந்த பி.எஃப். பிடித்தத்தையும் கழித்து, புதிய வரிமுறையில் வரியையும் கழித்தால் மாதம் கைக்கு வருவது ஏறத்தாழ 92,000. கோவையில் அதே முறையில் இப்போது வருவது 75,000. அந்தச் சம்பளத்துக்கு 2025-26 கணக்குப்படி வருமான வரியே வராது. ஆக, ஐந்து லட்சம் என்று காதில் விழுந்தது மாதம் 17,000 ஆகச் சுருங்கிவிட்டது.

இனி வீட்டுக்குள் வருவோம். மனைவி கோவையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை; சம்பளம் 22,000. குடியிருப்பது அப்பா கட்டிய வீடு, வாடகை கிடையாது. பெங்களூரில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 28,000 என்று வைத்துக்கொண்டால், அட்வான்ஸ் ஐந்து மாத வாடகையாவது கேட்பார்கள், அதுவே 1,40,000. தமிழ்நாட்டில் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. அதை நினைத்துக்கொண்டு பெங்களூரில் போய் வாதாட முடியாது. மனைவிக்கு அங்கே வேலை கிடைக்கும்வரை இந்தக் குடும்பம் இப்போதைவிட மாதம் 33,000 குறைவாக வைத்துக்கொண்டு வாழவேண்டும். இந்தக் கணக்கை அவர் தனியாக உட்கார்ந்து போட்டிருக்க முடியாது. மனைவியின் சம்பளத்தை விடலாமா, அங்கே போய் எப்போது வேலை தேடலாம் என்பதைச் சொல்ல வேண்டியவர் மனைவிதான். பெங்களூரில் பள்ளிகள் ஜூன் வாக்கில் திறப்பதால் ஆசிரியர்களை எடுப்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய மாதங்களில்தான் என்பதையும் அவரே அறிவார்.

மகள் எட்டாம் வகுப்பு, சி.பி.எஸ்.இ. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவர் பெயர் வாரியத்தில் பதிவாகிவிடும். அதன்பின் பத்தாம் வகுப்பில் வேறு பள்ளிக்குப் போவதென்றால் வாரியத்தின் அனுமதி வேண்டும், பெற்றோர் இடமாற்றத்துக்கான சான்றுகளோடு அலைய வேண்டும். ஆகவே போவதென்றால் எட்டாவது முடிந்ததும் போகவேண்டும், இல்லாவிட்டால் பத்தாவது முடியட்டும் என்று இருக்கவேண்டும். மொழிப்பாடம் இன்னொரு முடிச்சு. கர்நாடகத்தில் கன்னடத்தைப் பள்ளிகளில் கட்டாயமாக்கும் சட்டம் 2015இல் வந்தது. எட்டாவதுவரை தமிழ் படித்த பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று சேர்க்கப்போகும் பள்ளியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவோ, “எனக்குச் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர் இங்கதான்ப்பா, நீங்க போங்க, நான் அப்பப்ப வரேன்” என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் அவரை யார் பார்த்துக்கொள்வது என்ற பெரிய கேள்வி நிற்கிறது.

ஆஃபர் நவம்பரில் வந்ததென்றால் 60 நாள் நோட்டீஸ் போக, சேர்வது ஜனவரி. ஆண்டுத் தேர்வு முடியும்வரை அவர் மட்டும் பி.ஜி. விடுதியில் தங்கலாம், குடும்பம் ஏப்ரலில் வரலாம் என்று வீட்டில் ஒரு முடிவு பிறக்கும். பிறந்ததும் எச்.ஆரிடம் கேட்கவேண்டிய கேள்விகளும் தானாகவே வரும். குடும்பம் மாறுவதற்கான செலவை ஏப்ரலிலும் கொடுப்பீர்களா, சேர்ந்த முதல் மாதத்தில் மட்டுமா? மொத்தமாகத் தருவீர்களா, பில் காட்டினால்தானா? ஒரு வருடத்துக்குள் விலகினால் அதைத் திருப்பிக் கேட்பீர்களா? வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமா? கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இவற்றைக் கேட்டால் அது பேரம். போட்ட பிறகு கேட்டால் மன்றாட்டு.

பயப்படுகிறவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, நீங்கள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கும்வரை கொடுத்தவர் ஆஃபரைத் திரும்பப் பெறலாம். ஆனால் உடனே ஏற்றுக்கொண்டுவிட்டால் வேலை பத்திரம் என்பதும் பொய்தான். 2022 இறுதியில் புதிதாகப் படித்து முடித்த எத்தனையோ பேர், ஏற்றுக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, பெரிய ஐ.டி. நிறுவனங்களிடமிருந்து ரத்துக் கடிதம் வாங்கினார்கள். கல்லூரி வளாகத் தேர்வில் அவகாசம் கேட்க வழியும் குறைவு, அங்கே விதியே வேறு. மற்றபடி, மரியாதையாக நாலு நாள் கேட்ட அனுபவசாலியிடமிருந்து ஆஃபரைப் பறிக்கும் நிறுவனம், நாளைக்கு அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை என்று விடுப்புக் கேட்டால் என்ன சொல்லும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் விதத்தில் கெடுத்துக்கொள்வதுதான் உண்மையான ஆபத்து. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் “வீட்டில் கலந்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம்” என்றால் என்ன பொருள் என்று நமக்கெல்லாம் தெரியும். எச்.ஆரில் இருப்பவரும் அதே ஊரில் வளர்ந்தவர்தான். தேதி சொல்லாமல் அதே வாக்கியத்தைச் சொன்னால் அவரும் அதையேதான் புரிந்துகொள்வார். ஆகவே, கடிதம் எழுத்தில் கைக்கு வந்த அன்றே பதில் போடுங்கள். நன்றி, இந்த வேலையில் எனக்கு விருப்பம் இருக்கிறது, குடும்பத்தோடு ஊர் மாறவேண்டியிருப்பதால் மகளின் பள்ளி, மனைவியின் வேலை பற்றி முடிவு செய்ய வேண்டும், திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உறுதியாகச் சொல்கிறேன், அதற்குள் இந்த இரண்டு விவரங்கள் கிடைத்தால் உதவியாக இருக்கும். இவ்வளவு போதும். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு முன்னால் அவர்கள் கேட்காமலே போன் செய்யுங்கள், பதில் வேண்டாம் என்பதாக இருந்தாலும். இரண்டாம் முறை அவகாசம் கேட்காதீர்கள். குடும்பத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு மூன்று கம்பெனிகளில் பேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமாகக் கேட்பவனின் வாக்கைச் செல்லாக்காசாக்கியவர்கள் அவர்கள்தான். கடிதம் வருவதற்கு முன்னால் பழைய வேலையை ராஜினாமா செய்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதைக் கோழைத்தனம் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். வேலைக்குச் சேர்வது ஒருவர். வேலையை விடுவது, பள்ளி மாறுவது, மருத்துவரை மாற்றுவது, வாடகை கட்டத் தொடங்குவது மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து. அவர்களைக் கேட்காமல் பதில் சொல்லும் உரிமை அவருக்குக் கிடையாது. நாலு நாள் கேளுங்கள், தேதியோடு கேளுங்கள்.