யாரை விட?

போன ஞாயிறு ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில், இரண்டு பிளேன்டீக்கும் ஒரு தட்டு வடைக்கும் நடுவில், ஒரு பிள்ளை தன் போனை என் பக்கம் தள்ளி வைத்தது. எங்கள் லயத்துப் பிள்ளை. டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடும்.

"சித்தி, ரெண்டு பேரோட கதைக்கிறேன். யாரு உண்மையா கதைக்கிறான், யாரு சும்மா பொழுதுபோக்குக்குக் கதைக்கிறான்னு பாத்துச் சொல்லுங்க."

மலையகத்தில் 'கதைக்கிறோம்' என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். காதலா, பழக்கமா, கல்யாணம் வரை போகுமா, கரண்ட் போன இரவுகளுக்கு ஒரு துணையா என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுப்பது வேறொன்று. மற்றப் பெண்களைப் பற்றிய பேச்சு வரும்போது அவன் அதை எப்படிச் சொல்கிறான் என்பது.

ஒருவன் கொழும்பில், புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் காமன் கூத்துக்கும் வருகிறவன். இன்னொருவன் டிக்கோயா பக்கம் ஆட்டோ ஓட்டுகிறான்.

கொழும்புப் பையனின் மெசேஜ்களில் பெண்கள் தாராளமாக வந்து போனார்கள். போயாவுக்கு நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலை ஏறியபோது கூட வந்த ஒருத்தி. காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை வாங்கிக் கொடுத்த இன்னொருத்தி. அடுத்த மாதம் படத்துக்குக் கூப்பிட்டிருக்கும் மூன்றாமவள். ஒளிவுமறைவே இல்லை. பிள்ளைக்கு அதுதான் பெரிய ஆறுதல். "எல்லாத்தையும் சொல்லிருவான் சித்தி, மனசுல கள்ளம் இல்ல."

கள்ளம் இல்லைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொன்ன விதத்தைக் கவனித்தேன். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்த அடுத்த வரியிலேயே வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறான். மழை பெய்கிறதா, சாப்பிட்டாயா. இவள் என்ன நினைப்பாள் என்று நிற்கவில்லை. "கோவமா?" என்று ஒரு இடத்தில்கூடக் கேட்கவில்லை. அதைவிட, உனக்கு வேறு யாராவது இருக்கிறார்களா என்று மூன்று மாதத்தில் ஒரு தடவையும் கேட்கவில்லை. தனக்குத் திறந்து வைத்திருக்கும் கதவை அவளுக்கும் திறந்தே விட்டிருக்கிறான். கெட்டவன் இல்லை, ஏமாற்றுக்காரனும் இல்லை. அவளோடு பேசுவது அவனுக்குச் சந்தோஷம், அவ்வளவுதான்.

ஆட்டோக்காரப் பையனின் மெசேஜ்களில் வேறு பெண் ஒரே ஒரு தடவைதான் வருகிறாள். "நோர்வூட்ல ஒரு பிள்ளையோட கதைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப இல்ல. யாராவது வந்து சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிர்றேன்." அதற்குப் பிறகு இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு, "தூங்கிட்டியா?" அதற்குப் பிறகு, "உனக்கு யாரும் இருந்தாங்களா?"

பிள்ளை இதை நம்பவில்லை. சந்தேகப் புத்தி என்று நினைத்திருந்தது. நான் அந்த 'இருந்தேன்' மேல் விரலை வைத்துக் காட்டினேன். கொழும்புப் பையனின் பெண்கள் எல்லாரும் 'வாறாங்க', 'கூப்பிடுறாங்க', 'போவோம்' என்று ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். இவன் ஒருத்தியைக் கொண்டுவந்தான். ஊரைச் சொன்னான், முடிந்துவிட்டதைச் சொன்னான், ஏன் சொல்கிறான் என்பதையும் சொன்னான். சொன்ன பிறகு பயந்துபோய்க் காத்திருந்தான். மற்றவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்க்கிறவனுக்கு உன்னிடம் இழக்க ஏதோ இருக்கிறது.

திருக்குறளில் 132ஆம் அதிகாரம் புலவி நுணுக்கம். அதில் 1314ஆம் குறளில் ஒருவன் நன்றாகத்தான் ஆரம்பிக்கிறான். எல்லாரையும் விட உன் மேல்தான் ஆசை என்று சொல்கிறான். அவளோ யாரை விட, யாரை விட என்று பிடித்துக்கொள்கிறாள். அவன் ஒரு பெயரும் சொல்லவில்லை. 'விட' என்ற அந்த ஒப்பீட்டுக்குப் பின்னால் ஒரு வரிசையே நிற்பது அவள் காதில் விழுந்துவிட்டது. மூன்று குறள் தள்ளி, அவன் தும்மியதற்கே யார் நினைத்துத் தும்மினாய் என்று அழுகிறாள். இதையெல்லாம் வேடிக்கை என்றுதான் பல வருடம் வாசித்தேன். அந்தக் கேள்விகளில் ஒன்றையாவது கேட்கத் தோன்றாத இடத்தில் கதை வேறு என்பது பிறகுதான் புரிந்தது.

இதிலும் ஆள் ஏமாறலாம். வேண்டுமென்றே இன்னொருத்தி பெயரை எடுத்துவிட்டு முகத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு. பொறாமை வருகிறதா என்று தூண்டில் போடுவது அது. அந்தப் பெயர் சண்டை வந்த அன்று மட்டும் வரும், சமாதானமான அன்று காணாமல் போகும். அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

நானே ஒரு தடவை தப்பாகப் படித்தேன். இங்கே 'மற்ற ஆள்' என்பது பெரும்பாலும் வீட்டார் கொண்டுவரும் சம்பந்தமாகத்தான் வரும். தொண்ணூறுகளில், இப்போது என் வீட்டுக்காரராக இருப்பவரிடம், பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியாரைக் கேட்டு வருகிறார்கள் என்றேன். அவர் தலையைக் குனிந்தபடி, "நல்ல இடம்தானே" என்றார். இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில், அந்த வாத்தியாருக்கு எத்தனை தங்கச்சி, எந்தப் பள்ளிக்கூடம், வீடு தோட்டத்தில் எந்த டிவிஷன் என்பதெல்லாம் இவர் வாயிலிருந்து வருகிறது. நான் ஒன்றையும் சொல்லியிருக்கவில்லை. பஸ் ஏறிப் போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். அக்கறை இல்லாதவன் இன்னொருத்தனின் தங்கச்சிகளை எண்ண மாட்டான்.

அதனால் பிள்ளையிடம் கேட்டேன், உனக்கு வீட்டில் இடம் பார்க்கவில்லையா என்று. பார்க்கிறார்களாம். அடுத்த வாரம் தலவாக்கலையிலிருந்து பொண்ணு பார்க்க வருகிறார்களாம். அதை இரண்டு பேரிடமும் சொல்லியும் விட்டதாம். கொழும்புப் பையன் சிரிக்கிற படங்கள் நான்கு போட்டு, "புதுச் சாரி கட்டு, போட்டோ அனுப்பு" என்று எழுதியிருந்தான். மற்றவன் எழுதவில்லை, போன் பண்ணினானாம்.

"என்ன சொன்னான்?"

"எத்தனை மணிக்கு வாறாங்கன்னு கேட்டான்."

வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். எனக்கு அது போதுமாக இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை போனை எடுத்து மேலும் கீழும் தள்ளிக்கொண்டே, "சித்தி, இந்த ஆட்டோக்காரன பத்தி அவன்கிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன். என்ன கலரு ஆட்டோ, எத்தன மணிக்கு ஹயர் முடியும், எல்லாம்" என்றது.

"சரி. கொழும்புக்காரனப் பத்தி இவன்கிட்ட?"

வடைத் தட்டு காலியாகிவிட்டது. வெளியே மஸ்கெலியா பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"ஒன்னுமே சொல்லல சித்தி," என்றது கொஞ்ச நேரம் கழித்து. "எப்படிச் சொல்றதுன்னே தெரியல."